ஒற்றைப் பாலத்தில் இரண்டு வண்டி: டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகளும் இதில் எங்கே இருக்கின்றன?

கடைக்குட்டி | செவ்வாய், இரவு 9.40

காரைக்குடியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் இயங்குதளத் தேர்வு. டெட்லாக் பாடத்தில் குறுகிய பாலத்தை உதாரணமாகச் சொல்லிவிட்டு நான்கு நிபந்தனைகளை எழுதிப் போட்டார்கள். நான்கையும் ஒப்பித்துவிடுவேன். பாலத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் இடிக்கிறது.

எனக்குப் பாலம் புதிதல்ல. எங்கள் ஊருக்கும் பெரிய சாலைக்கும் நடுவே கண்மாயின் உபரிநீர் ஓடுகிற ஓடை ஒன்று உண்டு. அதன்மேல் இருக்கிற பாலத்தில் ஒரு பஸ் போனால் பக்கத்தில் ஆடு நுழைய இடம் இராது. நேற்றுக் காலை நான் ஏறிய மினி பஸ்ஸும், ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறைக்கு மணல் ஏற்றி வந்த லாரியும் பாலத்தின் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு ஷேர் ஆட்டோ, லாரிக்குப் பின்னால் செங்கல் ஏற்றிய டிராக்டர். முக்கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. முதல் வகுப்பு போய்விட்டது.

என் சந்தேகம் இதுதான். பாலம் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம், அது முதல் நிபந்தனை, சரி. "ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காத்திருத்தல்" என்று இரண்டாவது சொல்கிறதே, பாலம் ஒன்றுதானே இருக்கிறது? பஸ் எதைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருந்தது? ஒரே பொருளுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டாலே அது டெட்லாக்கா?

---

பர்மாத்தேக்கு | செவ்வாய், இரவு 10.05

இவ்வளவு குழப்பிக்கொள்ள வேண்டாம், தங்கச்சி. பாலம்தான் வளம். பஸ்ஸுக்கும் வேண்டும், லாரிக்கும் வேண்டும், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே டெட்லாக். நான்கு நிபந்தனையையும் வரிசையாக எழுதிவிட்டு ஒரு படம் போட்டால் முழு மதிப்பெண். 2009-இல் நான் அப்படித்தான் எழுதினேன்.

---

கடைக்குட்டி | செவ்வாய், இரவு 10.11

அண்ணன், மதிப்பெண் வாங்கிவிடுவேன். இரண்டாவது நிபந்தனைக்கு நேராகப் பாலத்தில் எதைக் காட்டுவது என்பதுதான் கேள்வி.

---

கலுங்கு | செவ்வாய், இரவு 11.30

கேள்வி கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பர்மாத்தேக்கு சொன்னதில் பாதிதான் சரி.

பாலம் முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டால் அங்கே டெட்லாக் வரவே முடியாது. யோசித்துப் பாருங்கள்: பஸ் பாலத்தை எடுத்துக்கொண்டது, லாரி அக்கரையில் நிற்கிறது. பஸ் கடந்து போகும், பாலம் காலியாகும், லாரி வரும். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இதற்குப் பெயர் வெறும் காத்திருப்பு. ஒரே ஒரு பூட்டு மட்டும் இருக்கிற நிரலில் இரண்டு இழைகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ள வழியில்லை. (ஒரே இழை தான் போட்ட பூட்டைத் தானே மறுபடி போடப் போய் மாட்டிக்கொள்வது உண்டு. தன் வாலைத் தானே பிடித்த கதை அது, இப்போது வேண்டாம்.)

உங்கள் பாலத்தில் நேற்று நடந்தது வேறு. பஸ் பிடித்தது மேற்குப் பாதியை. லாரி பிடித்தது கிழக்குப் பாதியை. பஸ் வெளியேறக் கிழக்குப் பாதி வேண்டும், லாரி வெளியேற மேற்குப் பாதி வேண்டும். ஆக வளம் இரண்டு. பாலத்தை மனத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டினால்தான் உங்கள் இரண்டாவது நிபந்தனை கண்ணுக்குத் தெரியும். பல புத்தகங்கள் இந்தக் கோட்டைப் போடாமலே பாலத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுகின்றன.

நிரலில் அது இப்படி இருக்கும்:

```c
/* பஸ் */
pthread_mutex_lock(&merku);
pthread_mutex_lock(&kizhakku);

/* லாரி */
pthread_mutex_lock(&kizhakku);
pthread_mutex_lock(&merku);
```

பஸ் தன் முதல் வரியை முடித்து, இரண்டாவது வரிக்குப் போவதற்குள் லாரியும் தன் முதல் வரியை முடித்துவிட்டால் கதை முடிந்தது. ஆயிரம் தடவை ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஆயிரத்து ஓராவது தடவை நின்றுவிடும். உங்கள் பாலத்திலும் தினமும் அந்த பஸ்ஸும் லாரியும் போகத்தானே செய்கின்றன?

இந்த நான்கையும் ஒன்றாகத் தொகுத்து எழுதியவர்கள் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி என்ற மூவர், 1971-இல். அவர்கள் சொன்னதை நான் இப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வேன். முதல் மூன்றும் உங்கள் பாலத்தின் குணம். ஒரு பாதியில் ஒரு வண்டிதான் நிற்கும். பாதியில் நின்றபடியே மீதிக்குக் காத்திருக்கலாம், யாரும் தடுப்பதில்லை. நிற்கிற வண்டியை யாரும் தூக்கி ஓடையில் போட முடியாது. இந்த மூன்றும் பாலம் கட்டிய நாளிலிருந்து, வண்டியே இல்லாத நள்ளிரவிலும் உண்மை. நான்காவதான வட்டக் காத்திருப்பு மட்டும் குணமல்ல, நிகழ்ச்சி. பஸ் லாரிக்காக, லாரி பஸ்ஸுக்காக என்று வட்டம் பூட்டிக்கொண்டது நேற்றுக் காலைதான். மூன்றும் வைக்கோல், நான்காவது தீக்குச்சி.

---

சீடைக்கடை | புதன், காலை 6.50

நான் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். படித்த படிப்பு வேறு, ஆனால் இந்தச் சனியனோடு எனக்குப் பழக்கம் உண்டு. கடையில் மூன்று கணினியில் பில் போடுகிறோம். சில நாள் மதியம் இரண்டு கணினி அப்படியே நின்றுவிடும். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து இந்தச் செய்தி வரும்: `Lock wait timeout exceeded; try restarting transaction`. தீபாவளி நேரத்தில் வேறு ஒரு செய்தி வந்தது, அதில் `Deadlock found` என்று இருந்தது. மென்பொருள் போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால் "எல்லாம் டெட்லாக்தான், கணினியை அணைத்துப் போடுங்கள்" என்கிறார். அணைத்துப் போட்டால் சரியாகிறது. இரண்டும் ஒன்றா?

---

கலுங்கு | புதன், காலை 8.15

இல்லை ஐயா, இரண்டும் வேறு வேறு. இந்தப் பேச்சுக்கு இது பொருத்தமான கேள்வி.

உங்கள் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்று அந்தச் செய்திகளே சொல்கின்றன. முதல் செய்தியின் எண் 1205, இரண்டாவதன் எண் 1213. மதியம் வருகிறதே 1205, அந்த நேரத்தில் மூன்றாவது கணினியில் யார் இருக்கிறார்?

---

சீடைக்கடை | புதன், காலை 8.32

அது கல்லாவில் இருக்கிற கணினி. தம்பி பெரிய பில் ஏதாவது திறந்து வைத்துவிட்டு அப்படியே சாப்பிடப் போய்விடுவான். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

---

கலுங்கு | புதன், காலை 9.05

தொடர்பு அதுதான். உங்கள் தம்பி திறந்து வைத்த பில் சில சரக்குகளின் இருப்பு வரிகளைப் பூட்டிவைத்திருக்கிறது. மற்ற இரண்டு கணினிகளும் அதற்காகக் காத்திருக்கின்றன. காத்திருக்கும் நேரத்தை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அந்தத் தரவுத்தளம் 50 வினாடி பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். நீங்கள் ஒரு நிமிடம் என்று நினைத்தது அதுதான். இங்கே வட்டம் இல்லை. மற்றவர்கள் தம்பிக்காகக் காத்திருக்கிறார்கள், தம்பி யாருக்காகவும் காத்திருக்கவில்லை, ரசம் சாதத்தில் இருக்கிறார். பாலத்தில் சொன்னால், நடுவில் அச்சு முறிந்து ஒரு மாட்டுவண்டி நிற்கிறது. பின்னால் வரிசை நீளும். வண்டியைச் சரிசெய்தால் எல்லாம் தானாக ஓடும். இது டெட்லாக் அல்ல.

தீபாவளிக்கு வந்த 1213 அசல் டெட்லாக். ஒரு கணினியில் பில் போட்டவர் முதலில் தேன்குழல், பிறகு சீடை என்று அடித்திருப்பார். அடுத்தவர் முதலில் சீடை, பிறகு தேன்குழல். முதலாமவர் தேன்குழல் வரியைப் பூட்டிக்கொண்டு சீடை வரிக்கு நிற்க, இரண்டாமவர் சீடை வரியைப் பூட்டிக்கொண்டு தேன்குழலுக்கு நிற்க, நேற்றைய பாலம்தான். கூட்ட நேரத்தில் மட்டும் வருவதற்குக் காரணம், இரண்டு பேரும் ஒரே நொடியில் இடைவெளிக்குள் நுழைய வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

அந்த 1213-க்கு 50 வினாடி ஆகவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். தரவுத்தளம் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கோடுகள் வட்டமானால் உடனே ஒருவரைப் பலி கொடுத்து, அவர் செய்ததை எல்லாம் அழித்து, பூட்டுகளைப் பிடுங்கிக்கொள்ளும். யாரைப் பலியாக்குவது? குறைவான வரிகளை மாற்றியவர் எவரோ அவரைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கும், அழிக்கிற வேலை குறையும் என்பதால். `SHOW ENGINE INNODB STATUS` என்று கேட்டால் கடைசியாக நடந்த முட்டலில் யார் எதைப் பிடித்திருந்தார், எதற்கு நின்றார், யார் விரட்டப்பட்டார் என்பது வரும். உங்கள் மென்பொருள்காரர் அதை ஒருமுறை படித்தால் போதும்.

திருத்தம் சிறியது. பில்லில் எந்த வரிசையில் அடித்தாலும், இருப்பைக் குறைக்கும்போது சரக்கு எண் ஏறுவரிசையில் குறைக்கச் சொல்லுங்கள். எல்லோரும் சீடைக்குப் பிறகுதான் தேன்குழல் என்று ஆகிவிட்டால் அந்த இரண்டு வரிகளில் வட்டம் சுற்றாது. 1205-க்கு இது உதவாது. அதற்கு, தம்பி சாப்பிடப் போவதற்கு முன் பில்லை முடிக்க வேண்டும். பணம் வாங்கும் நொடிவரை எதையும் பூட்டாதபடி மென்பொருளையே மாற்றினால் இன்னும் நல்லது.

---

பர்மாத்தேக்கு | புதன், காலை 10.20

இதோ, விடை கலுங்குவே சொல்லிவிட்டார். எண் போட்டு வரிசைப்படுத்து. பாலத்துக்கும் அதேதான். மேற்குப் பாதிக்கு 1, கிழக்குப் பாதிக்கு 2. எல்லோரும் 1-ஐ எடுத்த பிறகுதான் 2-ஐ எடுக்க வேண்டும் என்று பலகை வைத்துவிட்டால் நான்காவது நிபந்தனை போய்விடும்.

---

கலுங்கு | புதன், காலை 10.48

நிரலில் சரி. பாலத்தில் எடுபடாது. கிழக்கிலிருந்து வருகிற லாரி 2-இல் கால் வைக்காமல் 1-க்கு எப்படிப் போகும், பறந்தா? நிரலில் எந்தப் பூட்டை முதலில் போடுவது என்பது நம் விருப்பம். பாலத்தில் அதை ஓடை தீர்மானிக்கிறது. எனவே பாலத்தில் நான்காவதை உடைக்க முடியாது. இரண்டாவதை உடைக்கலாம்: முழுப் பாலமும் கிடைத்தால் ஏறு, இல்லையேல் கரையிலேயே நில். சாலை வேலை நடக்கும் இடங்களில் இரண்டு பக்கமும் கொடி பிடித்து நிற்கிறார்களே, அது இதுதான்.

---

தண்டவாளம்67 | புதன், மாலை 4.10

நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். கணினி எனக்குத் தெரியாது. ஒற்றைத் தடம் தெரியும்.

கொடிக்காரர் என்று மேலே சொன்னதை நாங்கள் வேறு விதமாகச் செய்தோம். இரண்டு நிலையத்துக்கு நடுவே ஒரே தடம். இரண்டு நிலையத்திலும் ஒவ்வொரு கருவி, ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைத்தது. அதற்குள் இரும்புப் பந்துகள். அடுத்த நிலையம் ஒப்புதல் தந்தால்தான் ஒரு பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. பந்தைத் தோல்பையில் போட்டு வளையத்தோடு டிரைவரிடம் கொடுப்போம். நிற்காத வண்டியாக இருந்தால் நடைமேடையிலிருந்து வளையத்தை நீட்ட, ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை விட்டு வாங்கிக்கொள்வார்கள். கையில் பந்து இல்லாமல் டிரைவர் புறப்பட மாட்டார். ஆகவே நடுத் தடத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே நிற்பது எங்களுக்கு இல்லை.

ஆனால் அத்தோடு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் தலைவலி வேறு இடத்தில். இரண்டு தடம் உள்ள சிறிய நிலையம் ஒன்று, அதற்கு அடுத்ததும் அப்படியே. முதல் நிலையத்தின் இரண்டு தடத்திலும் கிழக்கே போகிற இரண்டு சரக்கு வண்டி. அடுத்த நிலையத்தின் இரண்டு தடத்திலும் மேற்கே வருகிற இரண்டு வண்டி. நடுத் தடம் காலி, பூனைகூட இல்லை. யாராவது நகர முடியுமா? வண்டியை நிறுத்தத் தடம் காலியாக இருந்தால்தான் ஒப்புதல் தரலாம் என்பது விதி. இரண்டு பேரிடமும் காலித் தடம் இல்லை. நான்கு வண்டியும் பாதுகாப்பாக, சட்டப்படி, ஒழுங்காக நின்றுகொண்டிருக்கும்.

இப்படி ஆகாமல் பார்ப்பது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருடைய வேலை. எனக்கு ஒரு தடம் காலியாக இருக்கும், அடுத்த நிலையம் வண்டியை அனுப்பக் கேட்கும், நான் வாங்கத் தயார் என்பேன். அவர் தொலைபேசியில் "வாங்காதே, அங்கேயே நிற்கட்டும்" என்பார். அன்றைக்குக் கோபம் வரும். இரண்டு மணி நேரம் கழித்து எதிர்வண்டி என்னிடம் வந்து நிற்கும்போதுதான் ஏன் என்று புரியும்.

---

கலுங்கு | புதன், இரவு 7.35

ஐயா, நீங்கள் சொன்னது எங்கள் பாடத்தில் ஒரு முழு அத்தியாயம். காலித் தடம் இருந்தும் "வாங்காதே" என்று அவர் சொன்னாரே, டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் கணினிக்கு எழுதிய வங்கியாளர் முறை அதையேதான் செய்கிறது. கேட்டது கையில் இருக்கிறதா என்று மட்டும் அது பார்ப்பதில்லை. கொடுத்த பிறகு எல்லோரும் ஏதாவது ஒரு வரிசையில் முடித்து வெளியேற வழி மிஞ்சுமா என்றும் பார்க்கும். வழி இல்லையென்றால், கையில் இருந்தாலும் கொடுக்காது. நாம் இன்னும் முட்டிக்கொள்ளவில்லை, ஆனால் முட்டாமல் தப்பிக்கிற உறுதி போய்விட்டது, அந்த நிலைக்கே போகாதே என்பது அதன் கணக்கு.

அந்தக் கட்டுப்பாட்டு அறைக்காரரால் அது முடிந்ததற்குக் காரணம், எந்த வண்டி எங்கே போகிறது என்பது முன்கூட்டியே அவர் மேசையில் இருக்கிறது. இயங்குதளத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு நிரல் இன்னும் எத்தனை பூட்டு கேட்கும் என்று அதற்குத் தெரியாது. அதனால் வங்கியாளர் முறையைத் தேர்வில் எழுதுவோம், நாம் அன்றாடம் பயன்படுத்துகிற இயங்குதளங்கள் பூட்டுகளுக்கு அதைக் கையாளுவதில்லை. முட்டிக்கொண்டால் முட்டிக்கொள்ளட்டும், எழுதியவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகின்றன.

மாணவிக்கு ஒரு குறிப்பு: ஐயா சொன்ன நான்கு வண்டியில் வளம் எது? நடுத் தடம் அல்ல, அது காலியாகக் கிடக்கிறது. வளம் நிலையத்தில் உள்ள தடங்கள். ஒவ்வொரு வண்டியும் தன் நிலையத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த நிலையத்தில் ஒன்றுக்காக நிற்கிறது. நேற்று நீங்கள் கேட்ட கேள்விதான், எது வளம் என்பதைத் தவறாகப் பிடித்தால் மற்ற மூன்றும் புரியாது.

---

கடைக்குட்டி | புதன், இரவு 10.50

ஐயா சொன்ன பந்தைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. கலுங்கு அண்ணன், நீங்கள் காலையில் பர்மாத்தேக்கு அண்ணனுக்குச் சொன்ன பதில் சரியா?

லாரி பறக்க வேண்டாம். பாதியை எடுப்பது வேறு, அதில் டயரை வைப்பது வேறு இல்லையா? ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பந்து என்று வைத்துக்கொள்வோம். கிழக்கிலிருந்து வருகிற லாரி கரையில் நின்றபடியே முதலில் 1-ஆம் பந்தை வாங்குகிறது, பிறகு 2-ஆம் பந்தை வாங்குகிறது, அப்புறம் ஏறுகிறது. எடுத்த வரிசை 1, 2. ஓட்டுகிற வரிசை 2, 1. மேற்கிலிருந்து வருகிற பஸ்ஸும் 1, 2 என்றே எடுக்கிறது. இரண்டு பேரும் ஒரே வரிசையில் எடுப்பதால் வட்டம் வராது. அப்படியானால் பாலத்திலும் நான்காவதை உடைக்கலாம்தானே?

---

பர்மாத்தேக்கு | புதன், இரவு 10.58

நான் சொன்னேன் அல்லவா!

---

கலுங்கு | வியாழன், காலை 7.20

சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். கடைக்குட்டி சொல்வது சரி. எடுக்கிற வரிசையும் பயன்படுத்துகிற வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் டயரையே பூட்டாக நினைத்துவிட்டேன். (பர்மாத்தேக்கு, நீங்கள் சொன்னது பலகை. இவர் சொன்னது பந்து. பலகை இன்னும் எடுபடாதுதான்.)

ஆனால் இதன் விலையைக் கணக்குப் பாருங்கள். மேற்கிலிருந்து வருகிற பஸ் 1-ஐ வாங்கி ஏறலாம், 2 கிடைத்ததும் 2-க்குப் போய் 1-ஐத் திருப்பிக் கொடுக்கலாம். உடனே பின்னால் வருகிற ஆட்டோ 1-இல் ஏறலாம். பாலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி. கிழக்கிலிருந்து வருகிற லாரியோ இரண்டு பந்தும் கைக்கு வரும்வரை கரையிலேயே நிற்க வேண்டும். ஏறி 1-க்குப் போனதும் 2-ஐத் திருப்பிக் கொடுக்கும். பின்னால் நிற்கிற டிராக்டருக்கு அதனால் பயனில்லை, அதற்கு முதலில் 1 வேண்டும், 1 லாரியிடம் இருக்கிறது. ஆகக் கிழக்குப் பக்கத்தார் ஒவ்வொருவராகத்தான் கடக்க முடியும், மேற்குப் பக்கத்தார் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பார்கள். டெட்லாக் போய்விட்டது, ஓரவஞ்சனை வந்துவிட்டது.

---

தண்டவாளம்67 | வியாழன், காலை 9.00

ஓரவஞ்சனை என்றதும் நினைவு வருகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடைப்பயணம் போகும்போது எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிறவன் கதி என்ன? முன்னால் போகிறவர் ஏறிவிட்டார், பின்னால் வருகிறவரும் அதே திசை, அவருக்கு வழி திறந்தே இருக்கிறது. வரிசை முடியவே முடியாது. எதிர்ப்பக்கத்து வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி அவரும் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். இது உங்கள் டெட்லாக்கில் சேருமா?

---

கலுங்கு | வியாழன், காலை 9.25

சேராது ஐயா. காவடிகள் போய்க்கொண்டுதானே இருக்கின்றன. டெட்லாக் என்றால் வட்டத்தில் இருக்கிற எவரும் நகரக் கூடாது. இது பட்டினி: ஒருவர் மட்டும் முடிவில்லாமல் காத்திருக்கிறார். நான்கு நிபந்தனைகளில் ஒன்றை உடைத்துவிட்டால் பட்டினியும் தீரும் என்று பொருளல்ல. மாணவி போட்ட பந்துத் திட்டத்திலும், பந்தை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று விதி வைக்காவிட்டால், கிழக்குப் பக்கத்து டிராக்டர் பட்டினி கிடக்கும்.

---

சீடைக்கடை | வியாழன், மதியம் 1.15

மென்பொருள்காரரிடம் சரக்கு எண் வரிசையைச் சொன்னேன். "அதெல்லாம் தேவையில்லை, 1213 வந்தால் பில்லைத் தானாக மறுபடி போடும்படி எழுதிவிடுகிறேன்" என்கிறார். எது சரி?

---

கலுங்கு | வியாழன், மதியம் 2.00

இரண்டும் வேண்டும். வரிசை வைத்தாலும், அதை மீறி எழுதிய மூலை ஏதாவது மிஞ்சியிருக்கும், எனவே மறுபடி போடுவது தேவை. ஆனால் அதை மட்டும் நம்பினால் கூட்ட நேரத்தில் போட்டதையே போட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று: மறுபடி போடும்போது தோற்ற வரியிலிருந்து தொடங்கக் கூடாது. தரவுத்தளம் அந்தப் பில்லை முழுவதும் அழித்துவிட்டது, முதல் வரியிலிருந்து போட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் பில் பதிவாகிக் கணக்கு உதைக்கும்.

உங்களிடம் தரவுத்தளம் இருப்பதால் மூன்றாவது நிபந்தனையை உடைக்க முடிகிறது என்பதையும் பாருங்கள். செய்ததை அழித்துப் பழையபடி வைக்க அதற்குத் தெரியும், அதனால் பூட்டைத் துணிந்து பிடுங்குகிறது. நான் முதலில் எழுதிய நான்கு வரி நிரலில் அது முடியாது. நடுவில் பிடுங்கினால் பாதி மாற்றிய தரவு அப்படியே கிடக்கும். அங்கே முட்டிக்கொண்டால் முட்டிக்கொண்டதுதான், நிரலைக் கொன்றால்தான் விடிவு.

---

பர்மாத்தேக்கு | வியாழன், மாலை 6.30

ஒரு கேள்வி. என் அலுவலகத்தில் ஒரு ஜாவா நிரல் வாரம் ஒருமுறை நின்றுவிடுகிறது. டெட்லாக் என்று எப்படி உறுதி செய்வது?

---

கலுங்கு | வியாழன், மாலை 6.55

நின்றிருக்கும்போது செயலி எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். முட்டிக்கொண்ட இழைகள் தூங்கும், செயலியைத் தொடாது. ஒரு கோர் முழுவதும் 100 விழுக்காட்டில் ஓடினால் பெரும்பாலும் அது முடிவில்லாத சுழற்சி, வேறு நோய். செயலி சும்மா இருந்தால், `jstack` கட்டளைக்கு அந்த நிரலின் எண்ணைக் கொடுத்து ஓட்டுங்கள். ஜாவாப் பூட்டுகளில் வட்டம் இருந்தால் கடைசியில் `Found one Java-level deadlock:` என்று எழுதி, எந்த இழை எதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். அந்த வரி இல்லையென்றால், அவசரப்பட்டு டெட்லாக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு இழை தரவுத்தளத்துக்காகக் காத்திருக்க, தரவுத்தளப் பூட்டு இன்னொரு இழையிடம் இருக்க, வட்டத்தின் பாதி ஜாவாவுக்கு வெளியே போயிருந்தால் அதற்குத் தெரியாது. தரவுத்தளத்துக்கும் தெரியாது. இரண்டு பேரும் "என் பக்கம் சுத்தம்" என்பார்கள்.

---

பர்மாத்தேக்கு | வியாழன், இரவு 8.10

அந்த வரி வரவில்லை. செயலியும் சும்மாதான் இருக்கிறது. நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் போலிருக்கிறது. அடுத்த வாரம் நின்றால் தரவுத்தளப் பக்கமும் பார்க்கிறேன்.

---

கடைக்குட்டி | திங்கள், காலை 9.50

தேர்வு நாளைக்கு. இன்று காலை மறுபடி அதே பாலம், அதே மினி பஸ், அதே லாரி. ஆனால் பின்னால் வேறு வண்டி இல்லை. போன வாரம் நடந்தது இரண்டு டிரைவருக்கும் நினைவிருக்கும் போல. பஸ்காரர் பின்னால் எடுத்தார். அதே நேரத்தில் லாரிக்காரரும் பின்னால் எடுத்தார். பாலம் காலி. இரண்டு பேரும் "அவர் விட்டுவிட்டார்" என்று மறுபடி முன்னால் வந்தார்கள். மறுபடி நடுவில். மறுபடி இரண்டு பேரும் பின்னால். பஸ்ஸில் ஓர் ஆச்சி, "என்னடா இது, ஊஞ்சலா?" என்று கேட்டார்கள். எண்ணினேன், நான்கு தடவை.

பிடித்ததை விட்டுவிடுகிறார்கள், ஆகவே டெட்லாக் அல்ல. ஆனால் யாரும் கடக்கவில்லை. இது என்ன?

---

கலுங்கு | திங்கள், காலை 10.05

லைவ்லாக். பூட்டு கிடைக்காவிட்டால் இருப்பதை விட்டுவிட்டு மறுபடி முயற்சி செய் என்று `pthread_mutex_trylock` வைத்து எழுதுகிறவர்கள் இதில்தான் விழுவார்கள். பர்மாத்தேக்கு கேட்டதற்கு நேர் எதிர் அடையாளம், செயலி மூச்சுமுட்ட ஓடும். பின்னால் போனபின் இரண்டு பேரும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் இது தீராது, ஆளுக்கொரு அளவு, குருட்டாம்போக்கில் காத்திருக்க வேண்டும். எப்படித் தீர்ந்தது?

---

கடைக்குட்டி | திங்கள், காலை 10.09

லாரிக்காரர் ஐந்தாவது தடவை பின்னால் எடுத்தவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.